வட்டத் தரைக்கீழ்த் தொட்டி: அடியில் வளைய இழுவிசை பூச்சியம் என்றால் அங்கே வளையக் கம்பி எதற்கு?

கடைமடைப் பொறியாளர் | ஜூன் 4, இரவு 9.10

காவிரிக் கடைமடைப் பகுதியில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகத் தரைக்கீழ்த் தொட்டி ஒன்றை வடிவமைக்கிறேன். உள்விட்டம் 12 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர், சுவர்த் தடிமன் 220 மி.மீ., எம் 30 கான்கிரீட். கொள்ளளவு ஏறக்குறைய நாலரை லட்சம் லிட்டர். களிமண் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிடும்.

ஐ.எஸ். 3370 நான்காம் பகுதி அட்டவணையை வைத்துக் கணக்கிட்டேன். H நீர் ஆழம், D உள்விட்டம், t சுவர்த் தடிமன் என்று வைத்தால் H²/Dt ஏறத்தாழ 6 வருகிறது. அடி இறுக்கமாகவும் மேல்முனை தளர்வாகவும் உள்ள நிலைக்கு, வளைய இழுவிசைக் கெழு மேலிருந்து 0.6H ஆழத்தில் உச்சமாக 0.514, 0.9H ஆழத்தில் 0.112, அடியில் பூச்சியம். அதனால் கீழ் 60 செ.மீ. உயரத்துக்கு வளையக் கம்பியைப் பாதியாகக் குறைத்து வரைந்தேன். மேலதிகாரி அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் எழுதவில்லை. அட்டவணை தவறா, நான் அதைப் படித்த விதம் தவறா?

பழைய ஒப்பந்ததாரர் | ஜூன் 4, இரவு 10.02

அட்டவணையை ஓரமாக வையுங்கள். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடும் என்பது பள்ளிப் பாடம். 4 மீட்டர் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 39 கிலோ நியூட்டன் அழுத்தம். அதை ஆரம் 6 மீட்டரால் பெருக்கினால் மீட்டர் உயரத்துக்கு 235 கிலோ நியூட்டன் இழுவிசை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படியோ அப்படித்தான் தொட்டிக்கு வளையக் கம்பி. அடியில்தான் நெருக்கமாக இருக்க வேண்டும். நாங்கள் கட்டிய எல்லாத் தொட்டியிலும் கீழே 100 மி.மீ. இடைவெளி, மேலே போகப் போக 200. ஒன்றும் ஒழுகவில்லை.

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 5, காலை 6.40

ஒப்பந்ததாரர் சொல்லும் 235 கிலோ நியூட்டன் வர வேண்டுமானால் சுவரின் அடி வெளிப்பக்கமாக நகர வேண்டும். வளையம் இழுவிசையை ஏற்கிறது என்றால் அது நீள்கிறது. நீண்டால் ஆரம் பெருகும். அடித்தட்டோடு சேர்த்து வார்த்த சுவரின் பாதம் எங்கே நகரும்? நகராத இடத்தில் வளையம் நீளாது, நீளாத வளையத்தில் இழுவிசை இல்லை. அந்த அழுத்தம் காணாமல் போய்விடுவதில்லை. சுவர் செங்குத்தாக வளைந்து அதை அடித்தட்டுக்குக் கடத்துகிறது.

ஆக, ஒரே சுவருக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். மேலே முழுச் சுமையையும் வளையம் எடுத்துக்கொள்கிறது. கீழே ஒரு சிறு பட்டையில் செங்குத்து வளைவு எடுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டை எவ்வளவு உயரம் என்பதை ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உணரலாம்: 6 × 0.22-க்கு 1.15 மீட்டர். அதற்கு மேலே அடித்தட்டின் பிடிப்பைச் சுவர் மெல்ல மறந்துவிடும்.

உங்கள் தொட்டிக்கு எண்கள் இவை:

```
T (0.6H)  = 0.514 × 9.81 × 4 × 6  = 121 kN/m
M (அடி)   = 0.0187 × 9.81 × 4³    = 11.7 kN·m/m
M (0.7H)  = 0.0051 × 9.81 × 4³    = 3.2 kN·m/m
```

அடியில் வரும் 11.7 நீர் படும் உள்முகத்தை இழுக்கிறது. 0.7H-இல் வரும் 3.2 வெளிமுகத்தை இழுக்கிறது. அடியிலிருந்து சுமார் 64 செ.மீ. உயரத்தில் திசை மாறுகிறது. அட்டவணையில் தவறில்லை. உங்கள் மேலதிகாரி அடித்ததிலும் தவறில்லை. ஏன் என்று மாலையில் எழுதுகிறேன், தளத்துக்குக் கிளம்ப வேண்டும்.

முதுநிலை மாணவி | ஜூன் 5, காலை 11.25

அடித்திருப்புத்திறன் 11.7 மட்டுமா? 4 மீட்டர் உயரத் தாங்குசுவராக நினைத்தால் wH³/6, அதாவது 104.6 வருகிறது. ஒன்பது மடங்கு வித்தியாசம். பாதுகாப்புக்காகத் தாங்குசுவர் போலவே வடிவமைத்துவிட்டால் என்ன?

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 5, மாலை 7.15

104.6-க்கு வடிவமைத்தால் சுவர் அரை மீட்டரைத் தாண்டித் தடிக்கும். தடித்தால் H²/Dt குறையும், குறைந்தால் சுவர் உண்மையிலேயே தாங்குசுவர் போல நடக்கத் தொடங்கும். நாம் பயந்த நோயை நாமே வரவழைத்துக்கொண்ட மாதிரி. அதைவிடக் கவலை, செங்குத்துக் கம்பியை மலைபோல் போட்டுவிட்டு வளையக் கம்பியைச் சாதாரணப் பகிர்வுக் கம்பி என்று குறைத்துவிடுவார்கள். வட்டத் தொட்டியில் அது தலைகீழ்.

வீட்டு உரிமையாளர் | ஜூன் 5, இரவு 8.50

எங்கள் வீட்டுத் தொட்டி 6,000 லிட்டர், செங்கல் கட்டு, நீள்சதுரம். மூலையில் கசிகிறது. 10 எம்.எம். கம்பி போட்டுப் பூசினால் நிற்குமா?

பழைய ஒப்பந்ததாரர் | ஜூன் 5, இரவு 9.05

நீள்சதுரத் தொட்டியில் மூலைதான் பலவீனம், அங்கே சுவர்கள் ஒன்றையொன்று பிரித்து இழுக்கும். பூச்சுக்குள் கம்பி வைத்துப் பயனில்லை. தனிக் கேள்வியாகப் போடுங்கள், படத்தோடு. இந்த இழையில் கணக்குக்காரர்கள் சண்டை நடக்கிறது.

மண் ஆய்வாளர் | ஜூன் 6, காலை 7.30

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. 'அடி இறுக்கம்' என்று அட்டவணையின் தலைப்பில் அச்சிட்டிருக்கிறது. அந்த இறுக்கத்தைத் தருவது யார்? அட்டவணை தராது. அடித்தட்டும் அதன் கீழே உள்ள மண்ணும் தர வேண்டும். கடைமடைக் களிமண்ணில், சுவர் அடியைத் திருப்ப முயலும்போது தட்டின் விளிம்பு கொஞ்சம் சேர்ந்தே திரும்பும். 200 மி.மீ. தட்டைப் போட்டுவிட்டுக் கணக்கில் முழு இறுக்கம் என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கணக்கு அல்ல, நம்பிக்கை.

அடி திரும்பினால் திருப்புத்திறன் குறையும், வளைய இழுவிசை கூடும், அதன் உச்சமும் கீழே இறங்கும். அதே H²/Dt = 6-க்கு, கீல் வைத்த அடிக்கான அட்டவணையைப் பாருங்கள். உச்சக் கெழு 0.643, அதுவும் 0.7H-இல். 0.9H-இல் 0.112 இருந்த இடத்தில் 0.327. நீங்கள் கம்பியைப் பாதியாக்கிய அதே பட்டையில் இழுவிசை ஏறத்தாழ மூன்று மடங்கு.

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 6, காலை 8.10

நான் மாலையில் எழுத நினைத்து விட்டுப்போனது இதுதான், என்னைவிடத் தெளிவாக வந்துவிட்டது. உண்மை எப்போதும் இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கே என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் வளையக் கம்பியைக் கீல் அடிக்குக் கணக்கிடுவேன், செங்குத்துக் கம்பியை இறுக்க அடிக்குக் கணக்கிடுவேன். இரண்டிலும் மோசமானது. கம்பிச் செலவு கொஞ்சம் கூடும், அந்தத் தொகைக்குத் தயங்கத் தேவையில்லை.

கடைமடைப் பொறியாளர் | ஜூன் 6, இரவு 10.30

அப்படியே போட்டுப் பார்த்தேன். கீல் அடிக்கு 0.643 × 235.4, அதாவது 151 கிலோ நியூட்டன். ஐ.எஸ். 3370 இரண்டாம் பகுதியின் 2009 பதிப்பின்படி முறுக்குக் கம்பிக்கு 130 மெகா பாஸ்கல் அனுமதித்தால் மீட்டருக்கு 1,165 ச.மி.மீ. இரண்டு முகங்களிலும் 10 மி.மீ. கம்பி, 130 மி.மீ. இடைவெளியில். முன்பு 121-க்கு 160 மி.மீ. இடைவெளி வந்தது. வித்தியாசம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 0.9H-க்குக் கீழே, கீல் அட்டவணையிலும் இழுவிசை அடியை நோக்கிப் பூச்சியமாகத்தானே போகிறது? கடைசி 20, 30 செ.மீ. உயரத்துக்காவது குறைக்கலாமே.

தள மேற்பார்வையாளர் | ஜூன் 7, காலை 6.15

கணக்கு எனக்கு வராது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வட்டத் தொட்டி, நேர்ச்சுவர் எதுவானாலும், சென்ட்ரிங் பலகை கழற்றிய சில நாளில் வரும் விரிசல் செங்குத்தாக வரும். அடித்தட்டுக்குச் சற்று மேலே, ஸ்டார்ட்டரை ஒட்டித் தொடங்கி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஏறி மறையும். ஐந்தாறு மீட்டருக்கு ஒன்று. அப்போது தொட்டியில் ஒரு சொட்டு நீர்கூட இருக்காது. நீர் விட்டதும் முதலில் கசிவதும் அந்தக் கோடுகள்தான். இழுவிசை இல்லாத இடம் என்கிறீர்கள், விரிசல் அங்கேதான் வருகிறது.

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 7, காலை 7.05

இதைவிட நல்ல பதில் இந்த இழையில் வராது. அடித்தட்டை வார்த்து இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சுவரை வார்க்கிறோம். புதுக் கான்கிரீட் இறுகும்போது சூடாகி, பிறகு ஆறிச் சுருங்கும். அடியில் இருக்கும் பழைய தட்டு ஏற்கெனவே சுருங்கி முடித்தது. புதுச் சுவரைச் சுருங்க விடாது. சுவர் சுற்றளவுத் திசையில் இழுபடுகிறது. அதனால்தான் கோடு செங்குத்தாக விழுகிறது. அட்டவணை நீரழுத்தத்தின் கதையை மட்டும் சொல்கிறது. இந்தக் கதை அதில் இல்லை.

இந்த விரிசலைப் பரவலாக, மயிரிழையாகப் பிரித்து வைப்பது அந்தக் கீழ்ப்பட்டையில் ஓடும் வளையக் கம்பி ஒன்றுதான். கம்பி குறைந்தால் பத்து மெல்லிய கோடுகளுக்குப் பதில் அகலமான ஒரு கோடு. எனவே 130 மி.மீ. இடைவெளியை அடித்தட்டு வரை மாற்றாமல் கொண்டுபோங்கள். ஸ்டார்ட்டருக்குள்ளும் வளையம் இருக்கட்டும்.

ஒப்பந்ததாரருக்கு ஒரு சொல்: நீங்கள் கீழே நெருக்கமாகக் கம்பி போட்டது சரி. சொன்ன காரணம் மட்டும் வேறு.

பழைய ஒப்பந்ததாரர் | ஜூன் 7, பகல் 1.20

ஒழுகாமல் இருந்தால் எனக்குப் போதும், காரணம் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இது தரைக்கீழ்த் தொட்டி. வெளியே மண் அணைத்துப் பிடித்திருக்கிறது. உள்ளே நீர் தள்ள, வெளியே மண் தள்ள, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். 151 எல்லாம் மேல்நிலைத் தொட்டிக்கு. இங்கே பாதி போதும்.

தள மேற்பார்வையாளர் | ஜூன் 7, பகல் 1.45

கசிவுச் சோதனையை மண் நிரப்பும் முன்பே செய்கிறோமே ஐயா. நீர் நிரப்பி 7 நாள் ஊறவிட்டு, அடுத்த 7 நாள் மட்டம் எடுப்போம். அத்தனை நாளும் வெளியே காற்றுதான்.

மண் ஆய்வாளர் | ஜூன் 7, மாலை 6.00

அதோடு, பத்து ஆண்டு கழித்துப் பக்கத்தில் குழாய் பதிக்க யாராவது தோண்டுவார்கள். களிமண் கோடையில் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். விரல் நுழையும் இடைவெளியை நானே கண்டிருக்கிறேன். உதவி செய்யும்போது மண்ணை நம்பாதீர்கள். கெடுதல் செய்யும்போது மட்டும் முழுதாகக் கணக்கில் சேருங்கள். அந்தக் கெடுதலைப் பற்றி இன்னும் பேசவே இல்லை: தொட்டி காலி, வெளியே மழைக்கால நீர் தரைமட்டத்தில்.

கடைமடைப் பொறியாளர் | ஜூன் 8, இரவு 11.15

காலித் தொட்டிக்குப் போட்டேன். நீரில் மூழ்கிய மண்ணின் எடை கன மீட்டருக்கு 9 கிலோ நியூட்டன், செயல் அழுத்தக் கெழு மூன்றில் ஒன்று. மண்ணுக்கு 3, நீருக்கு 9.81, மொத்தம் 12.8. உள்ளே நிரம்பிய நீரின் 9.81-ஐவிட இது அதிகம்! வளையத்தில் இப்போது அமுக்கம்தான், கான்கிரீட் அதைச் சுலபமாகத் தாங்கும். ஆனால் அடித்திருப்புத்திறன் 15.3 ஆகிறது, இழுபடுவது வெளிமுகம். கம்பியின் பங்கைச் சேர்க்காமல் கான்கிரீட்டின் வளைவு இழுதகைவு 1.90 மெகா பாஸ்கல். எம் 30-க்கு அனுமதி 2.0. மயிரிழையில் தப்பியது.

நீர்த்தொட்டிதானே என்று நினைத்து உள்முகத்துக்கே கனமான கம்பி போட்டிருந்தேன். இந்தத் தொட்டிக்கு வெளிமுகம்தான் முக்கியம்.

மண் ஆய்வாளர் | ஜூன் 9, காலை 6.50

செயல் அழுத்தக் கெழு ஏன்? அந்த அளவுக்கு அழுத்தம் குறைய வேண்டுமானால் சுவர் மண்ணை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டும். வட்டச் சுவர் வளையமாக நின்று அசையாமல் தாங்குகிறது. அசையாத சுவருக்கு ஓய்வுநிலை அழுத்தம், அதாவது பாதி. 4.5 + 9.81 = 14.3.

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 9, காலை 9.30

இங்கே எனக்குச் சின்ன மாறுபாடு உண்டு. தோண்டிய குழியில் நல்ல மணலை நிரப்பி மெதுவாக இறுக்கினால் உண்மை அழுத்தம் மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையில் நிற்கும். ஆனால் தோண்டியெடுத்த களிமண்ணையே திரும்பத் தள்ளுவார்கள் என்றால் மண் ஆய்வாளர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். அளவு எடுக்காமல் இதை இங்கே தீர்க்க முடியாது.

முதுநிலை மாணவி | ஜூன் 9, இரவு 8.20

14.3-க்குப் போட்டால் 220 மி.மீ. சுவரில் அடித்திருப்புத்திறன் 17.1, தகைவு 2.12. அனுமதியைத் தாண்டுகிறது. 250 மி.மீ. ஆக்கினேன். H²/Dt 5.33 ஆனது, கெழு 0.0210-க்கு ஏறியது, திருப்புத்திறனும் 19.3 ஆகிவிட்டது! தடிமனைக் கூட்டினால் சுமையும் கூடுகிறது. இதற்கு முடிவு உண்டா?

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 9, இரவு 9.00

கணக்கை முடித்துவிட்டுப் பயப்படுங்கள். திருப்புத்திறன் 12 சதவீதம்தான் கூடியது. தடிமனின் வர்க்கம் 29 சதவீதம் கூடியது. தகைவு 1.85. தப்பித்தது. தடித்த சுவர் அதிகச் சுமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆனால் அதைவிட வேகமாக வலிமை பெறும். ஓட்டம் நிற்கும் ஓட்டம்தான்.

நீங்கள் 5-க்கும் 6-க்கும் இடையில் நேர்கோட்டில் இடைச்செருகியிருக்கிறீர்கள். இந்த வீச்சில் அது போதும். 2-க்குக் கீழே கெழுக்கள் வேகமாக மாறும், அங்கே கவனம் வேண்டும்.

கடைமடைப் பொறியாளர் | ஜூன் 10, இரவு 10.40

முடிவு: சுவர் 250 மி.மீ. வளையக் கம்பி இரு முகமும் 10 மி.மீ., 130 இடைவெளி, அடித்தட்டு வரை மாறாமல். செங்குத்துக் கம்பி வெளிமுகத்தில் 12 மி.மீ., 125 இடைவெளி. உள்முகத்தில் 12 மி.மீ., 180 இடைவெளி. கவர் 45. ஒன்றிரண்டு மீட்டருக்கு மேலே செங்குத்துக் கம்பியில் ஒன்றுவிட்டு ஒன்றை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல்.

தள மேற்பார்வையாளர் | ஜூன் 11, காலை 6.05

வளையக் கம்பியின் இணைப்பை மறக்காதீர்கள். சுற்றளவு கிட்டத்தட்ட 39 மீட்டர், கம்பி 12 மீட்டர். ஒரு வளையத்துக்கு நான்கு இணைப்பு. எல்லா வளையத்துக்கும் ஒரே இடத்தில் இணைப்பு வந்தால் அந்தச் செங்குத்துக் கோட்டில் சுவர் திறக்கும். ஐ.எஸ். 456 நேர் இழுவிசைக்கு மேற்பொருந்து நீளத்தை இரட்டிப்பாகக் கேட்கிறது, 30 விட்டத்துக்குக் குறையாமல். வரைபடத்திலேயே மாற்றி மாற்றிக் காட்டிவிடுங்கள். எழுதாவிட்டால் கம்பி கட்டுபவர் வசதிக்கு ஒரே வரிசையில் கட்டிவிடுவார்.

நீர்க்கட்டுமான வடிவமைப்பாளர் | ஜூன் 11, காலை 8.20

ஒன்றைச் சேர்க்கிறேன். அடித்திருப்புத்திறனைச் சுவர் தாங்கினால் போதாது, அதே 19 அடித்தட்டுக்குள் இறங்கும். தட்டிலும் அந்த விளிம்பில் அதே அளவு கம்பி வேண்டும். சுவரின் உள்முகக் கம்பியை மூலையிலேயே தொட்டிக்குள் மடக்காதீர்கள். நீர் தள்ளும்போது மூலை விரியும், மடக்கிய கம்பி நிமிர முயன்று கவரைப் பெயர்க்கும். நேரே கீழ்வலை வரை இறக்கி அங்கே திருப்புங்கள். தட்டைச் சுவருக்கு வெளியே அரை மீட்டர் நீட்டினால் இந்தக் கம்பிகளுக்கு இடமும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும்.

மண் ஆய்வாளர் | ஜூன் 11, காலை 9.10

சுவரை நன்றாக முடித்துவிட்டீர்கள். தொட்டி மிதக்குமா என்று பார்த்தீர்களா? 300 மி.மீ. அடித்தட்டு, 200 மி.மீ. மேல்தளம் என்று வைத்தால் மொத்த எடை சுமார் 2,500 கிலோ நியூட்டன். நீர் தரைமட்டத்தில் நின்றால் மேலுந்தல் 5,100-க்கு மேல். 1.2 மடங்கு பாதுகாப்பு கேட்கிறது ஐ.எஸ்.; உங்களிடம் 0.5 கூட இல்லை. சுத்தம் செய்யக் கார்த்திகையில் காலி செய்தால் முழுத் தொட்டியும் மேலே வரும்.

கடைமடைப் பொறியாளர் | ஜூன் 11, இரவு 10.00

அரை மீட்டர் நீட்சியும் அதன்மேல் மண்ணும் சேர்த்தாலும் 0.7-ஐ எட்டவில்லை. இரண்டு வழிகள் தெரிகின்றன: அடித்தட்டைப் பல மடங்கு தடிப்பது, அல்லது தொட்டியையே இரண்டரை மீட்டர் மேலே தூக்கிப் பாதி தரைக்கு மேல் வைப்பது. இரண்டாவதில் மிதப்பு பாதிக்கு மேல் குறையும், வெளிமுகத் திருப்புத்திறனும் விழும். ஆனால் வரும் குழாயின் மட்டம் அதை விடுமா என்று திட்டப் பிரிவைக் கேட்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்காகத் துளை போட வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள்.

பழைய ஒப்பந்ததாரர் | ஜூன் 11, இரவு 10.25

மேலே தூக்குங்கள். கார்த்திகையில் குழிக்குள் நீர் இறைத்துக்கொண்டே சுவர் வார்ப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.